சட்டைப் பை எந்தப் பக்கம்?

கேள்வி: ஐயா, நான் எழுதிய ஒரு சிறுகதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கோவில்பட்டியில் ஒரு ஜென்ட்ஸ் டெய்லர் கடை. அங்கே தொழில் பழகும் பதினேழு வயது முருகேசனைக் கடைக்காரரின் மகன் செல்போனில் படம் எடுக்கிறான். அந்தப் படம் கார்ட்டூன் பொம்மையாகிப் புதிய பெயர்ப்பலகையில் ஏறிவிடுகிறது. ஊரே அவனை 'போர்டு பையன்' என்று கூப்பிடுகிறது. ஐந்து வருடம் கழித்து ஊருக்குத் திரும்புகிறவன், பலகையில் இன்னும் பளிச்சென்று சிரிக்கும் பொம்மையைப் பார்த்து அழுகிறான். படித்தவர்கள் எல்லோரும் 'கரு நல்லா இருக்கு, ஆனா மனசுல ஒட்டல' என்கிறார்கள். முடிவை மாற்றினால் சரியாகிவிடுமா? அவன் முதலாளியிடம் பணம் கேட்பதாக ஒரு காட்சி சேர்க்கலாமா?

– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

பிரதியை இரண்டு முறை படித்தேன். முடிவு பலவீனமானதுதான், ஆனால் கதை ஒட்டாமல் போவதற்குக் காரணம் அங்கே இல்லை. நான்காம் பக்கத்தின் நடுவில் "ஒரு வாரத்தில் புதிய பலகை வந்து சேர்ந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கதையில் நடக்க வேண்டியவை பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில்தான் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட வாசகர் பார்க்கவில்லை. புகைப்படத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பிளக்ஸ் கடை இருக்கிறது. முருகேசனை முன்பின் அறியாத ஒருவர், அங்கே கணினியின் முன் உட்கார்ந்து, அவனிடம் எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்று அரை மணி நேரத்தில் முடிவு செய்கிறார். அந்த அரை மணி நேரத்தை எழுதாமல், அதன் விளைவை மட்டும் காட்டி அழச் சொன்னால் யாருக்கும் அழுகை வராது.

முதலில் படம் ஏன் கார்ட்டூன் ஆக வேண்டும் என்பதைப் பார்ப்போம். "முதலாளிக்குக் கார்ட்டூன் என்றால் பிரியம்" என்று காரணம் காட்டியிருக்கிறீர்கள். அது கதாசிரியருக்கு வசதியான காரணம், அவ்வளவுதான். உண்மையான காரணம் அதைவிடச் சாதாரணமானது. கடைக்காரரின் மகன் எடுத்த படம் வாட்ஸ்அப் வழியாகப் பிளக்ஸ் கடைக்குப் போகும்போது சுருங்கிப் போகிறது. அந்தப் படத்திலும் முருகேசன் ஒரு மூலையில், தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனை மட்டும் வெட்டி எடுத்தால் தலையிலிருந்து இடுப்பு வரை சுமார் 500 புள்ளி உயரம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். பலகை பத்தடிக்கு நாலடி. அதில் அவனை மூன்றரை அடி, அதாவது 42 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கினால் ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள்தான் வரும். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மில்லிமீட்டர் சதுரமாகக் கண்ணுக்குத் தெரியும். பிளக்ஸ் அச்சுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளியாவது இருந்தால் நல்லது என்பது வழக்கம். ஆகவே வடிவமைப்பாளர் "படம் உடையுது, அப்படியே போட முடியாது" என்பார். கடைக்காரருக்கு அவசரம், ஆயுத பூஜைக்குள் பலகை ஏற வேண்டும். "அப்ப பொம்மை மாதிரி வரைஞ்சி போட்டுருங்க தம்பி" என்று அவர் சொல்லிவிட்டுப் போவதோடு உங்கள் முருகேசனின் விதி தீர்மானமாகிவிடுகிறது. கோட்டால் வரைந்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்பதைத் தவிர இதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே ஒருவனுடைய உருவம் அவன் கையை விட்டுப் போகிறது என்பதுதான் உங்கள் கருவின் பலம். முதலாளியின் விசித்திர ரசனை அதை வீணடிக்கிறது.

அடுத்து, அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நீங்களே ஒரு நாள் பிளக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தாலே நாலைந்து கடைகள் கண்ணில் படும். வடிவமைப்பாளர் கோரல்டிரா போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து, புகைப்படத்தை வைத்து, அதைப் பாதி மங்கலாக்கி, நகராதபடி பூட்டிவிடுவார். அதன் மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் இன்னொரு அடுக்கை வைத்து, மவுஸால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, தாடையின் வளைவு, காது, தலைமுடியின் விளிம்பு, காலர் என்று கோடுகளை இழுத்துக்கொண்டே போவார். தலையை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக்குவார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு முகம் தெரிய வேண்டும் என்பதால் அப்படிச் செய்வது. கோடெல்லாம் மூடிய பிறகு ஒவ்வொரு பகுதியிலும் ஒரே நிறத்தை ஊற்றுவார். எல்லாம் முடிந்ததும் கீழே இருக்கும் புகைப்படத்தின் அடுக்கை அணைத்துவிடுவார். அந்த ஒரு சொடுக்கில் முருகேசன் போய்விடுகிறான், கோடுகள் மட்டும் நிற்கின்றன. இந்தக் கணத்தை எழுதாமல் இந்தக் கதையை எழுதவே முடியாது என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஆனால் உங்கள் கதை முருகேசனின் தோளுக்குப் பின்னாலேயே நடந்து போகிறது. அவன் பார்க்காததை நாம் பார்க்க முடியாது. ஆகவே அவனைப் பிளக்ஸ் கடைக்கு அனுப்பியாக வேண்டும். இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. தொழில் பழகும் பையனின் நாளில் பாதி வெளிவேலைதான்: டீ வாங்குவது, நூல் வாங்குவது, தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது. "போர்டு எந்த அளவுல நிக்குதுன்னு பாத்துட்டு வாடா" என்று முதலாளி அனுப்பினால் போதும். அங்கே வடிவமைப்பாளருக்கு அவன் யார் என்று தெரியக் கூடாது. என்ன நடக்கலாம் என்பதைக் காட்ட மட்டும் ஒரு துண்டு எழுதிப் பார்த்தேன். இதையே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நடையில் எழுதுங்கள்.

> திரையில் அவனுடைய முகம் மங்கலாகக் கிடந்தது. அதன் மேல் நீல நிறத்தில் ஒரு கோடு காதைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.
>
> "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."
>
> முருகேசன் தள்ளி நின்றான்.
>
> "அண்ணாச்சி கடைப் பையனா? இன்னும் பத்து நிமிசம். ஒரு கண்ணீர் அஞ்சலி நடுவுல வந்துருச்சு, அதான் லேட்டு. இந்தப் பையனுக்குக் கையில என்ன குடுக்கலாம்? ஊசி குடுத்தா ரோட்டுலேருந்து தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருவோம், ஏனென்றால் கதையின் முதல் திருப்பம் அங்கேதான் இருக்கிறது. புகைப்படத்தில் முருகேசன் கையில் இருப்பது ஊசியும் நூலும். அவன் காஜா எடுக்கும் பையன். இருபதடி தூரத்திலிருந்து ஊசி தெரியாது. தையல் கடை என்று சட்டென்று புரியவைக்கும் பொருள் கத்தரிக்கோல். ஆகவே வடிவமைப்பாளர் எந்த யோசனையும் இல்லாமல் ஒரு பெரிய கத்தரிக்கோலை வரைந்து கையில் கொடுத்துவிடுவார். அவருக்கு அது வெறும் அடையாளம், தையல் கடைக்குள் அதன் பொருள் வேறு. துணி வெட்டும் கத்தரி கட்டிங் மாஸ்டருடையது. அதை வேறு யாரும் தொடக் கூடாது. அதால் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்பதால் மாஸ்டர் இல்லாத நேரத்தில் பேப்பர் கிழிக்க எடுத்த பையன்கள் வாங்கிய திட்டு எத்தனையோ. நான் பள்ளி விடுமுறைகளில் என் தாய்மாமா கடையில் காஜா எடுத்தவன். இரண்டு கோடை முழுவதும் உட்கார்ந்தும் அவருடைய கத்தரியின் கனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காஜா, எம்மிங், பட்டன் கட்டுவது, பிறகு மிஷினில் நேர்த் தையல், பிறகு காலரும் கையும், எல்லாவற்றுக்கும் பிறகுதான் கட்டிங் என்பது கடைகளின் படிவரிசை. அந்தப் படியின் அடியில் உட்கார்ந்திருக்கும் பையன், உச்சியில் இருப்பவரின் கருவியைப் பிடித்தபடி ஊருக்கெல்லாம் தெரிகிற உயரத்தில் நிற்கிறான்.

உங்கள் கதையில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் வெற்றிலை போட்டுவிட்டுக் காணாமல் போகிறார். அவரைத் திரும்ப அழைத்து வாருங்கள். பலகை ஏறிய அன்று அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் கத்தரியை மேஜை மேலிருந்து எடுத்து டிராயருக்குள் வைத்தால் போதும். முதலாளியைக் கொடுமைக்காரராக்கி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அது செய்ய முடியாத வேலையை இந்த ஒரு செயல் செய்துவிடும். பணம் கேட்கும் காட்சி வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பணம் கேட்டால் கதை உரிமைப் பிரச்சினையாகிவிடும். முதலாளி தருவாரா மாட்டாரா என்பதில் வாசகரின் கவனம் போய்விடும். அந்தக் கடையில் முருகேசன் எதிர்பார்ப்பது பணத்தை அல்ல, மாஸ்டர் ஒரு நாள் சாக்குக் கட்டியைக் கையில் கொடுத்து "கோடு போடு" என்று சொல்வதை. பலகை அதற்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

இரண்டாவது திருப்பம் இன்னும் நுட்பமானது. இதை நீங்கள் கவனமாகக் கையாள வேண்டும். பலகையின் நடுவில் கடையின் பெயர். பொம்மை இடது ஓரத்தில். பலகையின் ஓரத்தில் நிற்கும் உருவம் எழுத்துகளின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், வெளியே தெருவைப் பார்த்தபடி நிற்கக் கூடாது என்பது வடிவமைப்பாளர்கள் பழக்கத்தால் பின்பற்றும் விதி. புகைப்படத்தில் முருகேசன் நம் பார்வைக்கு இடது பக்கம் திரும்பியிருக்கிறான். அப்படியே வைத்தால் கடையின் பெயருக்கு முதுகைக் காட்டுவான். இதற்குத் தீர்வு ஒரு பொத்தான்தான். உருவத்தை இடவலமாகப் புரட்டிவிடுவார்கள். முகம் எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் முகத்தோடு சேர்ந்து சட்டையும் புரண்டுவிடுகிறது.

ஆண்கள் சட்டையில் காஜா இருக்கும் பட்டி, அணிந்திருப்பவரின் இடது பக்கம். பட்டன் வலது பக்கம். இடது பக்கத் துணி மேலே வந்து வலது பக்கத்தை மூடும். பெண்களுக்கான சட்டையில் இது நேர் எதிராக வரும். பையும் அணிந்திருப்பவரின் இடது மார்பில்தான். ஆகவே எதிரே நின்று பார்க்கிற நமக்குப் பை வலது பக்கம் தெரியும். மேல் பட்டியின் ஓரம் பட்டன் வரிசைக்கு இடது பக்கம் ஒரு கோடாக ஓடும். படத்தைப் புரட்டியபின் பை நமக்கு இடது பக்கம் போய்விடுகிறது, பட்டியின் கோடு பட்டனுக்கு வலது பக்கம் வந்துவிடுகிறது, கத்தரி இடது கைக்கு மாறிவிடுகிறது. ஜென்ட்ஸ் டெய்லர் கடையின் பலகையில், பெண்கள் சட்டையைப் போல மாற்றிப் பட்டன் போட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான். தெருவில் போகிற யாருக்கும் இது தெரியாது. வடிவமைப்பாளருக்கும் முதலாளியின் மகனுக்கும் தெரியாது. தெரியக் கூடியவர்கள் அந்தக் கடையில் இரண்டே பேர்தான்: மாஸ்டர் ஒருவர், தினமும் பத்துச் சட்டைக்குக் காஜா எடுக்கும் முருகேசன் இன்னொருவர்.

இங்கேதான் உங்கள் நாயகனின் கண்ணை நீங்கள் தொழிலாளியின் கண்ணாக்க வேண்டும். இப்போதைய பிரதியில் காஜா எடுப்பது பற்றி "ஓட்டைகளுக்கு நூல் சுற்றினான்" என்று ஒரு வரி இருக்கிறது. காஜா எடுத்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலர் பட்டியில் ஒரு காஜா, முன்பட்டியில் ஆறு, கைக்கு ஒன்றாக இரண்டு, பொதுவாக ஒன்பது. முன்பட்டியில் உள்ளவை செங்குத்தாக இருக்கும். காலர் பட்டியில் உள்ளது மட்டும் படுக்கைவாட்டில் இருக்கும். முதலில் பட்டனை வைத்து அளவைக் குறித்து, அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டி, வெட்டிய விளிம்பிலேயே முடிச்சு வந்து உட்காரும்படி ஊசியைக் குத்தி, நூலை ஊசியின் முனையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும். இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் விளிம்பு சுருங்கும். வெட்டு கொஞ்சம் நீண்டுவிட்டால் பட்டன் நிற்காது, சட்டையே கெட்டுப்போகும். ஒரு நாளைக்குத் தொண்ணூறு தடவை இதைச் செய்கிறவனுக்கு இடது பட்டி எது, வலது பட்டி எது என்பது யோசித்து அறிய வேண்டிய விஷயம் அல்ல. சோற்றை எந்தக் கையால் சாப்பிடுவது என்பதைப் போல அது உடம்பில் படிந்திருக்கும்.

ஆனால் அவன் பலகையை முதன்முதலில் பார்த்த உடனேயே "தப்பு" என்று உணர்வதாக எழுதிவிடாதீர்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. முருகேசன் தன் முகத்தைத் தினமும் எங்கே பார்க்கிறான்? அளவெடுக்கும் இடத்தில் மாட்டியிருக்கும் ஆளுயரக் கண்ணாடியில். கண்ணாடி இடவலம் மாற்றித்தான் காட்டும். கண்ணாடிக்குள் அவனுடைய பை அவன் பார்வைக்கு இடது பக்கம்தான் இருக்கும், புரட்டிய பொம்மையில் இருப்பதைப் போலவே. ஆகவே பலகையை அண்ணாந்து பார்க்கும் முதல் கணத்தில் அது அவனுக்கு ரொம்பவும் பழகிய உருவமாகத் தோன்றும். "நானேதான்" என்று ஒரு பூரிப்பு எழும். மற்றவர்களுக்கு அவன் எப்படித் தெரிகிறானோ அப்படி அல்லாமல், அவனுக்கு அவன் எப்படித் தெரிகிறானோ அப்படியே அந்தப் பொம்மை நிற்கிறது. அந்தப் பூரிப்பை அரைப் பக்கத்துக்கு நீடிக்கவிடுங்கள். அம்மாவை அழைத்து வந்து காட்டட்டும். பிறகு, ஏதோ ஒரு சாதாரண வேளையில், எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவனுக்குள் இருக்கிற காஜாப் பையன் அந்தச் சட்டையை ஒரு சட்டையாகப் பார்க்கட்டும். பூரிப்பு முதலில், தொழில் அறிவு பிறகு என்ற இந்த வரிசை மாறினால் கதை நொண்டும்.

இன்னொன்றும் சொல்லலாம், ஆனால் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதற்காகவே சொல்கிறேன். கார்ட்டூன் உருவங்களுக்குப் பெரும்பாலும் கையில் நான்கு விரல்கள்தான் வரைவார்கள். ஐந்து வரைந்தால் சிறிய கையில் நெருக்கமாகத் தெரியும். ஊசியைத் தள்ளிக் காய்த்துப்போன விரல் பொம்மையில் இல்லை என்று ஓர் அருமையான வரி எழுதிவிடலாம். எழுதினால் கத்தரி, சட்டை, விரல் என்று மூன்று தடயங்கள் ஆகி, கதை துப்பறியும் வேலையாக மாறிவிடும். நிறத்தைச் சிவப்பாக்கிவிட்டார்கள் என்பதை மட்டும் நீங்கள் ஏற்கெனவே ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அது இருக்கட்டும், ஆனால் வளர்க்காதீர்கள். அதை வாசகர் உங்களுக்கு முன்பே எதிர்பார்த்திருப்பார்.

'போர்டு பையன்' என்று ஊர் கூப்பிடுவதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பெரிய தலையும் ஒரே நிறமும் கொண்ட பொம்மையைப் பார்த்து, இது இன்னார் என்று யாரும் தானாக அடையாளம் காண மாட்டார்கள். முதலாளியின் மகன் சொல்லித்தான் தெரிய வேண்டும். சொன்ன பிறகு, எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்ததுபோல் ஆகிவிடும். மக்களுக்கு ஒரு படத்துக்குப் பின்னால் நிஜமான ஓர் ஆள் இருந்தாக வேண்டும். பார்லே-ஜி பிஸ்கட் உறையில் இருக்கும் குழந்தை யார் என்று எத்தனையோ பெயர்கள் ஊரெங்கும் சுற்றின. அது வெறும் ஓவியம், எந்தக் குழந்தையின் புகைப்படமும் அல்ல என்று அந்த நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் கதையில் நிஜ ஆள் ஒருவன் இருக்கிறான், ஆனால் படத்தில் அவன் இல்லை. ஆகவே பட்டப்பெயரை ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து, சந்தேகக் குறியோடு வரவழையுங்கள்: "நீயா அது? மூக்கு உன்னுது மாதிரி இல்லையே." அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பலகையை இன்னொரு முறை பார்க்கும் அந்த வாடிக்கையாளரின் தலையசைப்பே போதுமானது.

இனி முடிவு. ஐந்து வருடம் கழித்துப் பலகை "இன்னும் பளிச்சென்று" சிரிக்காது. பிளக்ஸ் பலகை வெயிலில் நிற்கும்போது மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்துப்போகும். நீலமும் கறுப்பும் பின்னால் தங்கும். உங்கள் ஊர் வெயிலில், அதுவும் மேற்குப் பார்த்த கடையில், இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே முகத்தில் ஊற்றிய நிறம் போய், வெளிறிய நீலமாக ஒரு முகம் மிஞ்சும். ஓரம் பிரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். கண்ணால் கண்ட வாசகர் உங்கள் கடைசிப் பத்தியை நம்ப மாட்டார். நீல முகத்தை வைத்துக் கடைசிப் பத்தியைத் திருத்தலாமே என்று தோன்றும். நான் அந்த ஐந்து வருடத்தையே வெட்டிவிடச் சொல்வேன். இந்தக் கதை பலகை ஏறிய மாதத்துக்குள்ளேயே முடிந்துவிட வேண்டியது. காலத்தைத் தாண்டிப் போய் அழுவதெல்லாம் கதாசிரியர் நமக்குச் சொல்லும் தகவல்.

அவன் கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். முதலாளியிடம்தான் சொல்வான், ஏனென்றால் மாஸ்டரோடு பேச்சு நின்றுவிட்டது. தயங்கித் தயங்கி, குற்றம் சொல்வதாக இல்லாமல், ஒரு வேலைப் பிழையைத் தெரிவிக்கும் குரலில் சொல்ல வேண்டும். நான் நினைப்பது ஏறத்தாழ இப்படி:

> "அண்ணாச்சி, போர்டுல சட்டை மாறிருக்கு."
>
> "என்ன மாறிருக்கு?"
>
> "பட்டி வலப்பக்கம் ஏறியிருக்கு. பையும் அந்தப் பக்கம். லேடீஸ் சட்டை மாதிரி."
>
> அண்ணாச்சி வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.
>
> "ரோட்டுல போறவனுக்கு இது தெரியவாடா போகுது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.
>
> கட்டிங் மேஜையில் கத்தரி ஓடும் சத்தம் நின்றிருந்தது.

இதற்குப் பிறகு மாஸ்டர் வெளியே வந்து பார்ப்பாரா, டிராயரைத் திறப்பாரா, அல்லது மறுபடி துணியை வெட்டத் தொடங்குவாரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள். முருகேசனின் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரிகூட வேண்டாம். முதலாளி சொன்னது உண்மை. தெருவில் போகிறவனுக்குத் தெரியாதுதான். அந்த உண்மையை மறுக்க முடியாததால்தான் அது பையனைச் சுடுகிறது.

தலைப்பை மாற்றுங்கள். 'முகம்' என்ற தலைப்பு, வாசகரை முதல் வரியிலிருந்தே முகத்தைத் தேடச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அவர் சட்டையைக் கவனிக்காமல் விடுவது. முதல் பக்கத்திலேயே, புகைப்படம் எடுக்கும் காட்சியில், அவன் போட்டிருக்கும் சட்டைக்கு அவனே காஜா எடுத்ததையும், பையில் ஊசிகள் குத்திய அட்டை ஒன்று இருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். பின்னால் பை இடம் மாறும்போது வாசகருக்கு அது நினைவுக்கு வரும். படத்தை முதலாளியின் மகன் எதிரே நின்று பின்பக்கக் கேமராவில்தான் எடுக்க வேண்டும். செல்ஃபி என்று எழுதினால், சில போன்கள் செல்ஃபியைப் புரட்டியே சேமிக்கும் என்று தெரிந்த வாசகர் ஒருவர் உங்கள் கணக்கு முழுவதையும் கலைத்துவிடுவார்.

கடைசியாக ஒரு வேலை. அந்தப் பலகைப் பத்தியை எழுத உட்காரும் முன், உங்கள் சட்டை ஒன்றை நாற்காலியின் முதுகில் முன்பக்கம் உங்களைப் பார்க்கும்படி மாட்டி வையுங்கள். பை எந்தப் பக்கம், பட்டியின் ஓரம் எந்தப் பக்கம் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று இன்னொரு முறை குறியுங்கள். இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நானும் இந்தப் பதிலை எழுதினேன். அப்படியும் ஓரிடத்தில் இடமும் வலமும் மாறி, அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. திருத்திய பிரதியை அனுப்புங்கள், படிக்கிறேன்.